பிஎஸ்3, பழைய ரிசீவர், கட்டடக் கேபிள்: மூன்றும் சேர்ந்தால் "ம்ம்ம்ம்" சத்தம்

செந்தூல்_குமரன்

வணக்கம். இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிற ஒரு விஷயம். கொண்டோவில் 14ஆவது மாடி. அப்பா 80களில் வாங்கிய ஜப்பான் ஸ்டீரியோ ரிசீவரைத் தூசி தட்டி ஹாலில் வைத்தேன். அதில் பிஎஸ்3-இன் சிவப்பு வெள்ளை ஆடியோ கேபிளும், கேபிள் டிவி டிகோடரின் ஆடியோ கேபிளும் செருகியிருக்கின்றன. படம் இரண்டுக்கும் எச்டிஎம்ஐ வழியாக நேராக டிவிக்குப் போகிறது. பிஎஸ்3-இல் ஆடியோ மல்டி-அவுட்புட் போட்டிருப்பதால் சத்தம் இரண்டு பக்கமும் வரும்.

ஸ்பீக்கர் இரண்டிலும் அடிக்குரலில் ஒரே சீராக "ம்ம்ம்ம்" என்று கேட்கிறது. வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடுகிறது. கவனித்தவை:

பிஎஸ்3 தேர்ந்தெடுத்தாலும் இருக்கிறது, டிகோடர் தேர்ந்தெடுத்தாலும் இருக்கிறது. எஃப்எம் வைத்தால் சுத்தம். டிகோடரை அணைத்தாலும் போகவில்லை. சுவரிலிருந்து வரும் கேபிளை உருவினால் அந்த நொடியே நின்றுவிடுகிறது. பிஎஸ்3-இல் விளையாடும்போது டிகோடரின் கேபிளுக்கு அங்கே என்ன வேலை?

இன்னொன்று. பிஎஸ்3-இன் எச்டிஎம்ஐயை டிவியிலிருந்து உருவிப் பார்த்தேன். குறையும் என்று நினைத்தேன், கூடிவிட்டது.

ராஜா_கெப்போங்

எர்த் பிரச்சினைதான் தம்பி, வேறொன்றுமில்லை. பிஎஸ்3 முதல் மாடலா? தடியாக, பளபளவென்று இருக்குமே, அதற்கு மூன்று பின் ஒயர். எர்த் கம்பியைக் கழற்றிவிடு, சத்தம் போய்விடும். என் நண்பன் வீட்டில் நானே செய்து கொடுத்தேன். இன்றுவரை ஓடுகிறது.

மீனா_பட்டர்வொர்த்

ரிசீவர் பழசு என்றால் டிஷ் கம்பெனியைக் கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்லலாமே? எங்கள் வீட்டில் மழை பெய்தாலே படம் போய்விடும், புது ரிசீவர் வந்ததும் சரியானது.

செந்தூல்_குமரன்

மீனா அக்கா, நான் சொல்வது பாட்டு கேட்கிற ரிசீவர், ஆம்ப்ளிஃபையரும் ரேடியோவும் ஒன்றாக இருக்குமே அது. நீங்கள் சொல்வதை நாங்கள் டிகோடர் என்போம்.

மீனா_பட்டர்வொர்த்

ஓ, அதுவா. சரி சரி. ஆனாலும் இந்த இழையை விட்டுப் போகமாட்டேன். எனக்கும் ஒரு கேபிள் கதை இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

சவுண்ட்கார_மாமா

குமரா, எந்தக் கம்பியையும் கழற்றாதே. ராஜா சொன்னதில் பாதி சரி, எர்த் சம்பந்தப்பட்டதுதான். மீதிப் பாதி ஆளைக் கொல்லும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கோயில் திருவிழா, கல்யாண மண்டபம் என்று முப்பது வருடம் சவுண்ட் சிஸ்டம் போட்டவன் நான். மண்டபத்தில் வீடியோக்காரன் அவன் மிக்சர் ஒயரை நம் மிக்சரில் செருகியதும் வருமே ஒரு உறுமல், அதுதான் உன் வீட்டிலும். நீ கவனித்ததிலேயே விடை இருக்கிறது.

உன் பிஎஸ்3-இன் உலோகப் பாகம் மூன்றாவது பின் வழியாக உன் வீட்டு எர்த்தில் நிற்கிறது. சுவரிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளின் வெளிவலை கட்டடத்தில் வேறெங்கோ, அநேகமாக மொட்டை மாடியிலோ கேபிள் பெட்டியிலோ, எர்த் ஆகியிருக்கும். இரண்டும் எர்த்தான், ஆனால் 14 மாடிக்கு இடையில் எத்தனையோ ஏர்கான், வாட்டர் ஹீட்டர், லிஃப்ட். எர்த் கம்பியில் கசிவு மின்சாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் இரண்டு இடத்துக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். நீ ஒயர் போட்டு இரண்டையும் இணைத்துவிட்டாய். கேபிள் வலை, டிகோடர், அதன் ஆடியோ ஒயர், ரிசீவர், பிஎஸ்3-இன் ஆடியோ ஒயர், பிஎஸ்3, சுவர் எர்த் என்று ஒரு வட்டம். அந்த வட்டத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுற்றுகிறது.

உன் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஒயரில் வெளிவலைதான் சிக்னலுக்கும் திரும்பு பாதை. அந்த வலையில் வேற்று மின்சாரம் ஓடினால், வலையின் சின்ன ரெசிஸ்டன்ஸில் விழும் வோல்டேஜை ரிசீவர் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடும். உள்ளே நுழைவது வால்யூமுக்கு முன்னால். அதனால்தான் திருகினால் கூடுகிறது. எஃப்எம் ரிசீவருக்குள்ளேயே பிறக்கிறது, அந்த ஒயரைத் தொடுவதே இல்லை. அதனால் சுத்தம்.

டிகோடர் அணைந்திருந்தாலும் அதன் உடம்பு வழியாகக் கேபிள் வலையும் ஆடியோ வலையும் சேர்ந்தேதான் இருக்கின்றன. ரிசீவரின் தேர்வுப் பித்தான் நடுக்கம்பியை மட்டும்தான் மாற்றும், வலைகள் எல்லாம் உள்ளே எப்போதும் ஒன்றாகவே இருக்கும்.

எச்டிஎம்ஐ விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஒயருக்கும் வலை உண்டு. டிகோடரிலிருந்து டிவி, டிவியிலிருந்து பிஎஸ்3 என்று அது ஒரு பக்கவாட்டுப் பாதை. சுற்றும் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த வழியே போய்க்கொண்டிருந்தது. நீ உருவியதும் முழுவதும் ஆடியோ ஒயர் வழியே வந்துவிட்டது. அதனால் கூடியது.

மீட்டர் இருக்கிறதா?

செந்தூல்_குமரன்

இருக்கிறது மாமா, பாசார் ரோட்டில் வாங்கிய சாதாரண டிஜிட்டல் மீட்டர்.

சவுண்ட்கார_மாமா

போதும். சுவர்க் கேபிளை உருவி, அதன் வெளி உலோகத்துக்கும் ரிசீவரின் ஏதாவது ஒரு ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் இடையில் ஏசி வோல்ட் பார். மற்ற எல்லாம் செருகியபடியே இருக்கட்டும்.

செந்தூல்_குமரன்

மாமா பயமாக இருக்கிறது. 96 வோல்ட் காட்டுகிறது!

ராஜா_கெப்போங்

பார்த்தீர்களா, எர்த் லீக். ஒயர்மேனைக் கூப்பிடு.

சவுண்ட்கார_மாமா

பிஎஸ்3 பிளக் சுவரில் இருக்கிறதா?

செந்தூல்_குமரன்

இல்லை. பயந்து கழற்றி வைத்தேன்.

சவுண்ட்கார_மாமா

அதுதான். பிஎஸ்3 இல்லை என்றால் ரிசீவர், டிவி எல்லாம் இரண்டு கம்பி ஒயர், எர்த்தே இல்லாமல் மிதக்கின்றன. அவற்றின் பவர் சப்ளையில் உள்ள சின்ன கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கசியும், மீட்டர் அதைப் பாதி மெயின்ஸ் என்று காட்டும். மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்துப் பார், ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு விழுந்துவிடும். பின்னால் பலமில்லாத வோல்டேஜ் அது. ரெசிஸ்டர் வைத்தும் விழாமல் நின்றால் மட்டும் தொடாமல் ஒயர்மேனைக் கூப்பிடு.

பிஎஸ்3-ஐச் செருகிவிட்டு மறுபடி பார்.

செந்தூல்_குமரன்

ரெசிஸ்டர் வைத்ததும் 1.4. பிஎஸ்3 செருகியதும், ரெசிஸ்டர் இல்லாமலேயே, 0.31 வோல்ட். ரெசிஸ்டர் வைத்தாலும் அதே 0.31.

சவுண்ட்கார_மாமா

பிடித்துவிட்டோம். இது பலமுள்ள 0.31. இப்போது மீட்டரை ஏசி மில்லிஆம்பியருக்கு மாற்றி அதே இரண்டு இடத்திலும் வை. வோல்டேஜ் இவ்வளவு சின்னது என்று தெரிந்த பிறகு மட்டும் செய்ய வேண்டிய வேலை இது, 96-ஐப் பார்த்துவிட்டு யாரும் செய்யாதீர்கள்.

செந்தூல்_குமரன்

58 மில்லிஆம்பியர்.

சவுண்ட்கார_மாமா

அதில் பாதி எச்டிஎம்ஐ வழியே போகிறது என்று வை, மீதி கிட்டத்தட்ட முப்பது ஆடியோ ஒயரில். பிஎஸ்3-உடன் வரும் மெல்லிய ஒயரின் வலைக்கு 0.1 ஓம் இருந்தாலே 3 மில்லிவோல்ட் ஹம். பிஎஸ்3 உச்சத்தில் கொடுப்பது 2 வோல்ட் அளவு. ஏறக்குறைய 670-இல் ஒரு பங்கு. வெடிச்சத்தத்தில் தெரியாது. நடுராத்திரி, விளையாட்டில் ஆள் ஒளிந்து நிற்கிற அமைதியான இடத்தில் நன்றாகவே தெரியும்.

அலோர்ஸ்டார்_வினோத்

நல்ல கேபிளாக வாங்குங்கள் சார். தங்க முலாம் பூசியது, இரண்டு முனையிலும் கறுப்புக் குண்டு வைத்தது. நான் 180 வெள்ளிக்கு வாங்கினேன், என் சிஸ்டத்தில் ஹம்மே இல்லை.

சவுண்ட்கார_மாமா

வினோத், உங்கள் சிஸ்டத்தில் வட்டமே இல்லாமல் இருந்திருக்கும். கறுப்புக் குண்டு ஃபெரைட், அது வேலை செய்வது மெகாஹெர்ட்ஸில். 50 ஹெர்ட்ஸுக்கு அது வெறும் கழுத்து மணி. தங்கம் துருவைத் தடுக்கும், அவ்வளவுதான். வலை தடிமனாக, ஒயர் குட்டையாக இருந்தால் மட்டும் ஹம் கொஞ்சம் இறங்கும். 0.1 ஓம் 0.03 ஆனால் ஹம் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு 180 வெள்ளி தேவையில்லை.

ராஜாவுக்கு வாக்குக் கொடுத்தபடி எர்த் பற்றி. அந்த பிஎஸ்3-இன் பவர் சப்ளை உள்ளே பழுதாகி மெயின்ஸ் உலோகத்தைத் தொட்டால், எர்த் கம்பி இருந்தால் உடனே டிரிப் ஆகும். கம்பியை வெட்டியிருந்தால் 240 வோல்ட் எச்டிஎம்ஐ வலை வழியாக டிவிக்கும், ஆர்சிஏ வழியாக ரிசீவருக்கும் போய் நிற்கும். பின்னால் ஒயர் மாற்றுகிறவன் கை எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நண்பன் வீட்டில் ஹம் போனது நிஜம்தான், ஏனென்றால் வட்டம் அறுந்தது. அறுக்க வேண்டிய இடம் அது இல்லை.

ராஜா_கெப்போங்

சரி மாமா, ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கே அவன் வீட்டுக்குப் போய்த் திரும்ப மாட்டிவிடுகிறேன். அப்படியென்றால் எங்கே அறுப்பது?

சவுண்ட்கார_மாமா

இரண்டு இடம். ஒன்று ஆடியோ ஒயரில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசோலேட்டர். சிக்னல் காந்தத்தின் வழியே தாண்டும், வலைகள் இரண்டும் ஒட்டாது. ஆனால் இருபது வெள்ளி ஐசோலேட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் கட்டைவிரல் நகம் அளவுதான். 2 வோல்ட் பாஸைக் கொடுத்தால் அந்த இரும்புக்குத் தாங்காது, மத்தளம் அட்டைப்பெட்டி மாதிரிக் கேட்கும். ஜென்சன் போன்ற நல்ல டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது வாங்கினால் அந்தக் குறை இல்லை, விலைதான் கண்ணைக் கட்டும்.

உன் கேசில் நான் அறுப்பது இரண்டாவது இடத்தில், சுவர்க் கேபிளில். கோஆக்சியலுக்கென்றே கால்வானிக் ஐசோலேட்டர் விற்கிறார்கள். விரல் நீளம், இரண்டு பக்கமும் எஃப் கனெக்டர். உள்ளே நடுக்கம்பிக்கும் வலைக்கும் சின்ன கெப்பாசிட்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ இருக்கும். மெகாஹெர்ட்ஸில் வரும் டிவி சிக்னல் தாண்டிவிடும், 50 ஹெர்ட்ஸ் தாண்டாது. ஆடியோவை யாரும் தொடுவதில்லை, பாஸ் குறையவும் வழியில்லை.

கடையில் ஒரு விஷயம். மீட்டரைக் கையோடு கொண்டு போ. ஒரு முனையின் வெளி உலோகத்திலிருந்து மறு முனையின் வெளி உலோகத்துக்கு ஓம் பார். திறந்திருக்க வேண்டும். டிசி பிளாக் என்று ஒன்றை நீட்டுவார்கள், பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி. அது நடுக்கம்பியை மட்டும்தான் தடுக்கும், வலை நேராகப் போகும். நமக்கு உதவாது.

மீனா_பட்டர்வொர்த்

இங்கேதான் என் கதை. எங்கள் தம்பியும் இப்படி ஐசோலேட்டர் வாங்கி மாட்டினான். ஹம் போனது, கூடவே எல்லா சேனலும் போனது! கடைக்காரரிடம் சண்டை போட்டோம். குமரன் வீட்டிலும் அப்படி ஆகாதா?

சவுண்ட்கார_மாமா

உங்களுடையது வீட்டு டிஷ். டிஷ்ஷின் நுனியில் உள்ள எல்என்பிக்கு அதே கேபிள் வழியாகத்தான் டிகோடர் 13 அல்லது 18 வோல்ட் டிசி அனுப்புகிறது. ஐசோலேட்டர் அதையும் அறுத்துவிட்டது, எல்என்பி பட்டினி. போதாததற்கு டிஷ் சிக்னல் 950-இலிருந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரை வரும், கேபிள் டிவி ஐசோலேட்டர் பலவும் 1000-ஓடு நின்றுவிடும். கடைக்காரர் மேல் தப்பில்லை, நீங்கள் டிஷ் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். டிஷ் வீட்டில் அறுக்கிற இடம் ஆடியோ ஒயர்தான்.

குமரன் வீட்டில் கேபிள் கட்டடத்தின் சொந்தப் பெட்டியிலிருந்து ரெடி சிக்னலாக வருகிறது, டிகோடர் கரண்ட் அனுப்ப வேண்டியதில்லை. அப்படித்தானே தம்பி?

செந்தூல்_குமரன்

ஆமாம், டிஷ் இல்லை. மெயின்டெனன்ஸ் ஆபீசில் கேட்டேன். கேபிளை எர்த் பண்ணியிருக்கிறோம், எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். சனிக்கிழமை பாசார் ரோடு போகிறேன்.

அலோர்ஸ்டார்_வினோத்

பிஎஸ்3-இல் ஆப்டிக்கல் அவுட் இருக்கிறதே! ஆப்டிக்கல் ஒயர் வெறும் ஒளி, எர்த்தே கடக்காது. டிஜிட்டலைச் சாதாரண ஆடியோவாக மாற்றுகிற சின்ன டிஏசி ஒன்று வாங்கினால் முடிந்தது கதை.

சவுண்ட்கார_மாமா

சபாஷ் வினோத், இது நல்ல யோசனை. டிஏசியின் அடாப்டர் இரண்டு பின்னாக இருந்தால் ரிசீவருக்கு எர்த் தொடர்பு டிகோடர் வழியாக மட்டும்தான், வட்டம் ரிசீவரைத் தாண்டிப் போய்விடும். எச்டிஎம்ஐ வழியே மின்சாரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அங்கே ஓடுவது டிஜிட்டல், காதுக்கு வராது. நாளைக்கு ரிசீவரில் மூன்று பின் வைத்த வேறெதையாவது செருகினால் மறுபடி வரும். அதனால்தான் நான் கேபிளிலேயே அறுக்கச் சொல்கிறேன்.

செந்தூல்_குமரன்

சனிக்கிழமை இரவு. முதல் கடையில் நீட்டியது டிசி பிளாக். மீட்டரை வைத்தால் உடம்புக்கு உடம்பு 0.2 ஓம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மூன்றாவது கடையில் கிடைத்தது, ஓம் மீட்டர் அசையவில்லை. டிகோடரின் பின்னால் மாட்டினேன். ஹம் குறைந்தது, ஆனால் போகவில்லை. பாதி அளவு இருக்கிறது. மாமா, கள்ள மாலா?

சவுண்ட்கார_மாமா

சுவரிலிருந்து வரும் கேபிள் நேராக டிகோடருக்குத்தான் போகிறதா? நடுவில் எதுவும் இல்லையே?

செந்தூல்_குமரன்

நடுவில் ஒரு ஸ்பிளிட்டர் இருக்கிறது. ஒன்று டிகோடருக்கு, இன்னொன்று டிவியின் ஆண்டெனா சாக்கெட்டுக்கு. அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

சவுண்ட்கார_மாமா

முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்திருக்கிறாய். கேபிள் வலை ஸ்பிளிட்டர் வழியாக டிவிக்கு, டிவியிலிருந்து டிகோடரின் எச்டிஎம்ஐ வழியாக டிகோடருக்கு, அங்கிருந்து ஆடியோ ஒயர். ஐசோலேட்டரை ஸ்பிளிட்டருக்கு முன்னால், சுவர்ப் பக்கம் மாட்டு. அதன் வெளி உலோகம் டிவி ஸ்டாண்டின் இரும்பில் உரசாமல் தொங்கட்டும், ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றிவிடு.

செந்தூல்_குமரன்

மாமா.

நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மீன்தொட்டி மோட்டார் கேட்கிறது, அவ்வளவு அமைதி. சேனல் எல்லாம் வருகிறது. அதிர்வெண் குறைந்த இரண்டு சேனலில் மட்டும் சிக்னல் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, படம் உடையவில்லை.

சவுண்ட்கார_மாமா

கெப்பாசிட்டர் ஐசோலேட்டரில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் விழும். படம் உடையாதவரை விடு. இன்னொன்று, அது இடிதாங்கி இல்லை. நம் ஊர் இடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டடத்தின் கேபிள் எர்த்தை எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் கழற்ற விடாதே. ஐசோலேட்டர் வீட்டுக்குள், அந்த எர்த்துக்குப் பிறகுதான் இருக்க வேண்டும்.

நந்தினி_ஜார்ஜ்டவுன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் பிஎஸ்5. சார்ஜ் ஏறும்போது மட்டும் கன்ட்ரோலரின் ஹெட்ஃபோனில் "கிர்ர்" என்று வருகிறது, விளையாட்டில் காட்சி மாறினால் அதுவும் மாறுகிறது. இதே ஐசோலேட்டர் வாங்கலாமா? வீட்டில் கேபிள் டிவியே இல்லை.

சவுண்ட்கார_மாமா

வாங்காதீர்கள். காட்சியோடு மாறுகிற சத்தம் 50 ஹெர்ட்ஸ் இல்லை, யுஎஸ்பி பவரில் வரும் இரைச்சல். சார்ஜ் ஒயரைப் பிஎஸ்5-இலிருந்து எடுத்துத் தனி போன் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். குறையவில்லை என்றால் தனி இழை திறவுங்கள், இங்கே குழப்பம் வேண்டாம்.

செந்தூல்_குமரன்

ஒரு சந்தேகம் பாக்கி. ஐசோலேட்டர் மாட்டுவதற்கு முன் தினமும் மாலை ஏழு மணிக்கு மேல் ஹம் கூடும், காலையில் குறையும். வெள்ளிக்கிழமை ஏழரைக்கு அளந்தபோது 0.31 இல்லை, 0.52. இது சாதாரணமா, கட்டட ஒயரிங்கில் கோளாறா?

சவுண்ட்கார_மாமா

எல்லாரும் வந்து ஏர்கான் போடுகிற நேரம் அது, கசிவு கூடும். 0.5 வரை நான் பல கட்டடத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் உன் மாடியில் யாரோ ஒருவர் வீட்டில் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ ஒட்டியிருந்தாலும் இதே மாதிரி நேரத்தோடு ஏறி இறங்கும். இங்கிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ராஜா_கெப்போங்

மெயின்டெனன்ஸ் ஆபீசில் அந்த இரண்டு நம்பரையும் நேரத்தோடு எழுதிக் கொடு தம்பி. "சத்தம் வருகிறது" என்றால் சிரிப்பார்கள். நம்பர் கொடுத்தால் ஒயர்மேனையாவது அனுப்புவார்கள்.

செந்தூல்_குமரன்

எழுதிக் கொடுத்தேன் அண்ணே. திங்கட்கிழமை ஆள் வருகிறாராம். அதற்குள் மாமா, ஒரு செகண்ட்ஹேண்ட் சப்வூஃபர் பார்த்து வைத்திருக்கிறேன், மூன்று பின் பிளக்.

சவுண்ட்கார_மாமா

வாங்குமுன் சொன்னது நல்லது. பிஎஸ்3-க்கு ஒரு எர்த், சப்வூஃபருக்கு ஒரு எர்த். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகு, ஒயர் குட்டையாக இருக்கட்டும். அப்படியும் வந்தால் மீட்டரை எடுத்துக்கொண்டு இங்கே வா.